பெரிய பிளைண்டிலிருந்து ஃப்ளொப் செக்-ரெய்ஸ்: எந்தக் கைகளோடு செய்வது

304 விளையாடிப் பழகிய கை ஹோல்டெம் போக்கருக்கு வந்தால் முதல் இரண்டு மூன்று இரவுகள் கொஞ்சம் தடுமாறும். அங்கே ஜாக்கும் ஒன்பதும்தான் பெரிய கடதாசி, இங்கே ஏஸுக்கு மேலே ஒன்றுமில்லை. அங்கே ஆட்டம் வலப்பக்கமாகச் சுற்றும், இங்கே இடப்பக்கமாகச் சுற்றும். இது இரண்டும் ஒரு வாரத்தில் பழகிவிடும். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து வீட்டு மேசைகளில் புதியவர்கள் பிறகும் நெடுநாள் காய் இழப்பது இன்னொரு இடத்தில்: பெரிய பிளைண்ட் என்ற, கடதாசி பார்க்குமுன்பே கட்டாயமாகக் காய் வைக்கும் இருக்கையில் இருந்துகொண்டு, எதிரிக்கு முன்னால் பேச வேண்டிய நிலையில். அவர்கள் செக் சொல்வார்கள், அதாவது காய் போடாமல் விடுவார்கள், எதிரி போடுவான், இவர்கள் அதே தொகையைப் போட்டுக் கூப்பிடுவார்கள் அல்லது கையை விட்டு மடிப்பார்கள். மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. அது செக்-ரெய்ஸ். செக் சொல்லி, எதிரி போட்டபிறகு ஏற்றுவது.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு நிலைமையை மட்டும் எடுக்கிறது: பட்டனில், அதாவது ஃப்ளொப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இருக்கையில், இருப்பவர் ஏற்றித் திறந்தார், சின்ன பிளைண்ட் மடித்தார், பெரிய பிளைண்டில் நீங்கள் கூப்பிட்டீர்கள், ஃப்ளொப் வந்தது, அதாவது மேசையில் முதல் மூன்று பொதுக் கடதாசிகள் திறந்தன. இருவர் மட்டும். இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்ற இடங்களுக்கு நீங்களே கொண்டுபோகலாம்.

மேசையும் கணக்கும்

ஆறு பேர். ஆளுக்கு 1000 காய். சின்ன பிளைண்ட் 5, பெரிய பிளைண்ட் 10. காய் என்றது சிப்ஸ். பழகும் இடத்தில் புளியங்கொட்டையை எண்ணி வைத்தாலும் கணக்கு ஒன்றுதான், காசு வைக்கத் தேவையே இல்லை. பட்டன் 25க்கு ஏற்றினார். சின்ன பிளைண்ட் தன் 5 காயை விட்டுவிட்டு மடித்தார். உங்களிடமிருந்து ஏற்கெனவே 10 போயிருக்கிறது, இன்னும் 15 போட்டுக் கூப்பிட்டீர்கள். பொட், அதாவது நடுவில் சேர்ந்த காய், 55. இருவரிடமும் மீதி 975.

ஃப்ளொப்: 8♠ 6♠ 3♦.

நீங்கள் செக். பட்டன் 18 போடுகிறார், பொட்டின் மூன்றிலொரு பங்கு. இப்போது நடுவில் 73 இருக்கிறது.

இந்த இடத்தில் ஏன் ஏற்றலாம் என்பதற்குக் காரணம் ஃப்ளொப்பின் எண்களில் இருக்கிறது. பட்டனிலிருந்து திறப்பவர் ஏஸ்-ஜாக், கிங்-10, குயின்-9 என்று பெரிய கடதாசிகளோடு நிறையத் திறப்பார். இரண்டு வெவ்வேறு எண் உள்ள எந்தக் கையும் மூன்று தடவைக்கு ஏறக்குறைய இரண்டு தடவை ஃப்ளொப்பில் ஜோடி சேராது. 8-6-3 மாதிரிச் சின்ன எண்களில் அந்தப் பெரிய கடதாசிகள் இன்னும் வெறுங்கையாகத்தான் நிற்கும். ஆனாலும் அவர் 18 போடுகிறார், ஏனென்றால் சின்னதாகப் போட்டுப் பார்ப்பது அவருக்கு மலிவு. நீங்களோ பிளைண்டில் ஏற்கெனவே பத்துக் காய் போட்டுவிட்டபடியால் 7-5, 5-4, 8-6 மாதிரிக் கைகளையும் ஒரே சூட்டாக இருந்தால் வைத்திருப்பீர்கள். பட்டனில் உள்ளவர் இவற்றில் பாதியைத் திறந்திருக்கவே மாட்டார். அதாவது இந்த ஃப்ளொப்பில் இரட்டை ஜோடியும் நல்ல டிரோவும், அதாவது இன்னும் ஒரு கடதாசி வந்தால் ஸ்ட்ரெயிட் என்ற தொடர் ஐந்தோ ஃப்ளஷ் என்ற ஒரே சூட் ஐந்தோ ஆகும் கையும், உங்கள் பக்கத்தில்தான் அதிகம். அவரிடம் அதிகமாக இருப்பது பெரிய ஜோடிகள் மட்டும்.

இதையே ஏஸ்-கிங்-7 என்ற ஃப்ளொப்பில் நினைத்துப் பாருங்கள். ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ்-கிங் மூன்றில் ஒன்று உங்களிடம் இருந்திருந்தால் முதலிலேயே மறுபடி ஏற்றியிருப்பீர்கள். கூப்பிட்டு மட்டும் வந்த உங்களிடம் அவை இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த ஃப்ளொப்பில் செக்-ரெய்ஸ் மிக அரிது. வாவியில் கொக்கு நிற்பது மீன் வரும் தண்ணீரில்தான். எல்லாத் தண்ணீரிலும் காலை வைப்பதில்லை.

எவ்வளவுக்கு ஏற்றுவது

18 என்ற சின்னப் போடலுக்கு மூன்றரை மடங்கு, அதாவது 60இலிருந்து 70 வரை. கணக்குக்கு 65 என்று வைத்துக்கொள்வோம்.

புதியவர்கள் அதிகம் செய்வது இரண்டு மடங்கு, அதாவது 36. பயத்தில் வரும் தொகை அது. அதில் என்ன கெடுகிறது என்று பாருங்கள். நீங்கள் 36 வைத்தால் நடுவில் 109. எதிரி இன்னும் 18 போட்டால் போதும். 127இல் 18 என்றால் ஏழில் ஒன்று கூட வெல்லத் தேவையில்லாத விலை. கிங்-ஜாக் மாதிரி வெறுங்கைகூட ஆறு கடதாசியை நம்பி வந்துவிடும், வருவது சரியும் கூட. 65 வைத்தால் அவர் இன்னும் 47 போட வேண்டும், 185இல் 47. நாலில் ஒரு தடவையாவது வென்றால்தான் கட்டும். கிங்-ஜாக்குக்கு அங்கே வயிறு கலங்கும், ஏனென்றால் டேர்ண், ரிவர் என்ற நான்காம், ஐந்தாம் பொதுக் கடதாசிகளில் இன்னும் பெரிய தொகை வரும் என்று அவருக்குத் தெரியும்.

உங்கள் பக்கத்துக் கணக்கு இது. நடுவில் உள்ள 73ஐ எடுக்க 65 வைக்கிறீர்கள். உங்கள் கை முழு வெறுங்கையாக இருந்தால், அவர் நூறில் 47 தடவை மடித்தால்தான் சமன். ஆனால் முழு வெறுங்கையோடு நாங்கள் ஏற்றப்போவதில்லை. டிரோவோடு ஏற்றும்போது அவர் கூப்பிட்டாலும் மூன்றில் ஒரு தடவை வெல்ல வழி இருக்கிறது. அதனால் அவர் அதைவிடக் குறைவாக மடித்தாலும் கட்டும். டிரோக்களைத் தேர்ந்தெடுப்பதற்கே காரணம் இதுதான்.

பட்டன் 18 போடாமல் 40 போட்டால் நிலைமை வேறு. அப்போது 120 அளவுக்கு ஏற்ற வேண்டி வரும். 95ஐ எடுக்க 120. வெறுங்கையானால் நூறில் 56 தடவை மடிக்க வேண்டும். பெரிதாகப் போடுபவரிடம் பெரும்பாலும் உண்மையான கையும் இருக்கும். எனவே பெரிய போடலுக்கு எதிராகக் கீழே சொல்லும் பட்டியலின் கடைசி வரிசையை வெட்டிவிடுங்கள்.

எந்தக் கைகள்

முதலில் பலமான கைகள். இந்த ஃப்ளொப்பில் 8-8, 6-6, 3-3 மூன்றும் செட், அதாவது ஒரே எண் மூன்று. ஒவ்வொன்றும் எத்தனை விதமாக வரும் என்று எண்ணிப் பழகுங்கள். 8♠ மேசையில் இருக்கிறது. மிச்சம் 8♥ 8♦ 8♣. அதில் இரண்டு எடுத்தால் மூன்று விதம். 6க்கும் 3க்கும் அப்படியே. ஆக செட் ஒன்பது விதம். ஒரே சூட் 8-6 மூன்று விதம் (ஹார்ட்ஸ், டயமண்ட், கிளப்ஸ்). ஒரே சூட் 6-3 இரண்டு விதம்தான், ஏனென்றால் 6♠உம் 3♦உம் மேசையில் கிடக்கின்றன. மொத்தம் 14.

இவற்றை ஏன் கூப்பிட்டு மறைத்து வைக்கக்கூடாது? இதற்குப் பதில் ஆசையில் இல்லை, பொட்டின் வளர்ச்சியில் இருக்கிறது. ஃப்ளொப்பில் கூப்பிட்டு மட்டும் விட்டால் பொட் 91. டேர்ணிலும் ரிவரிலும் முக்கால் பொட் முக்கால் பொட்டாகப் போட்டுக் கூப்பிட்டால் கடைசியில் 567 காய். ஃப்ளொப்பில் 65க்கு ஏற்றி அவர் கூப்பிட்டால் பொட் 185. அதே முக்கால் பொட் இரண்டு தடவை: 140, பிறகு 350. கடைசியில் 1165. ஒரே கை, ஒரே எதிரி, ஃப்ளொப்பில் ஒரு ரெய்ஸ். பொட் இரண்டு மடங்குக்கு மேல். அதோடு, நீங்கள் கூப்பிட்டு மட்டும் விட்டால் டேர்ணில் அவர் செக் சொல்லி இலவசமாக ஒரு கடதாசி பார்த்துவிடுவார். அவருக்குப் பின்னால் பேசும் வசதி இருப்பதால் அந்த உரிமை எப்போதும் அவரிடமே இருக்கும். முன்னால் பேசுகிறவர் பொட்டைப் பெரிதாக்க வேண்டுமானால் ஃப்ளொப்பிலேயே தொடங்க வேண்டும்.

ஆனால் செட்டோடு மட்டும் செக்-ரெய்ஸ் செய்பவரை மேசை இரண்டு கிழமைக்குள் அறிந்துவிடும். “அவன் செக் பண்ணிப்போட்டு ஏத்தினா நீ சும்மா மடி மச்சான், மறுகா கவலைப்படாத” என்று பக்கத்தில் இருப்பவரே சொல்லிக்கொடுப்பார். அப்போது உங்கள் செட்டுக்கு 18 காய்க்கு மேல் கிடைக்காது. எனவே இரண்டாவது வரிசை தேவை: டிரோக்கள்.

இந்த ஃப்ளொப்பில் இருபக்கம் திறந்த ஸ்ட்ரெயிட் டிரோ மூன்று இருக்கின்றன. 9-7 (10 அல்லது 5 வர வேண்டும்), 7-5 (9 அல்லது 4), 5-4 (7 அல்லது 2). ஒவ்வொன்றும் ஒரே சூட்டில் நான்கு விதம், மொத்தம் 12. எட்டுக் கடதாசி உதவும். ரிவர் வரை பார்த்தால் ஏறக்குறைய 31 வீதம் சேரும். அவற்றில் ஸ்பேட் மூன்றும், அதாவது 9♠7♠, 7♠5♠, 5♠4♠, ஃப்ளஷ் டிரோவையும் சேர்த்து வைத்திருக்கின்றன. எட்டோடு ஒன்பது, இரண்டு தடவை எண்ணப்பட்ட இரண்டைக் கழித்தால் 15 கடதாசி. ரிவர் வரை 54 வீதம். ஒற்றை ஜோடிக்கு எதிராக இது பின்தங்கிய கையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம்.

மூன்றாவது, கடைசி வரிசை: ஒரு ஓட்டை மட்டும் உள்ள ஸ்ட்ரெயிட் டிரோ, அதாவது கட்ஷொட். 10-9க்கு 7 வேண்டும், 7-4க்கு 5 வேண்டும். தனியே நான்கு கடதாசிதான், 16 வீதம். இவற்றைத் தனியே எடுக்காதீர்கள். 10♠9♠, 7♠4♠ இரண்டும் ஃப்ளஷ் டிரோ இருப்பதால் தாராளமாக வரும். 10♦9♦, 7♦4♦ இரண்டும் வரலாம், ஏனென்றால் மேசையில் 3♦ இருக்கிறது. டேர்ணில் ஒரு டயமண்ட் விழுந்தால் ஃப்ளஷ் டிரோ ஆகிவிடும். 10♥9♥க்கு அந்த வசதி இல்லை, மேசையில் ஹார்ட்ஸே கிடையாது. அதைக் கூப்பிடவோ மடிக்கவோ விடுங்கள். பார்வைக்குச் சின்ன வேறுபாடு மாதிரித் தோன்றும். டேர்ணில் மறுபடி போடத் துணிவு தரும் கடதாசிகள் எத்தனை என்பதுதான் கேள்வி, அதில் ஒரு முழு சூட்டே கூடுகிறது.

ஆகப் பலமான கை 14, டிரோ 16. ஏறக்குறையச் சரிபாதி. ஃப்ளொப்பில் இந்த அளவு சரி, ஏனென்றால் டிரோக்களில் ஒரு பங்கு உண்மையான கையாக மாறும், இன்னொரு பங்கை நீங்களே டேர்ணில் கைவிடுவீர்கள்.

எவை இந்த வரிசையில் சேராது

இதுதான் புதியவர்கள் வழுக்கும் இடம். கிங்-8, குயின்-8 மாதிரி மேல் ஜோடி கையில் வந்தால் “நான் முன்னுக்கு நிற்கிறேன், டிரோவை விரட்டுவோம்” என்று ஏற்றுவார்கள். 65க்கு யார் கூப்பிடுவார்? ஏஸ்-8, 9-9க்கு மேல் ஜோடிகள், நல்ல டிரோக்கள். யார் மடிப்பார்? கிங்-ஜாக், ஏஸ்-5, 5-5. உங்களிடம் தோற்கிறவர்களை அனுப்பிவிட்டு உங்களை வெல்கிறவர்களோடு பெரிய பொட்டில், முன்னால் பேசிக்கொண்டு இருக்கிறீர்கள். கிங்-8 நல்ல கைதான். நல்ல கையாக இருப்பதால்தான் கூப்பிட வேண்டும். அவர் டேர்ணிலும் வெறுங்கையோடு போட இடம் விடுங்கள்.

நடு ஜோடி 6, கீழ் ஜோடி 3 இரண்டும் அப்படியே. கூப்பிடும் கைகள். பெரிய போடலுக்கு 3 மடியும்.

ஏஸ் உள்ள ஸ்பேட் டிரோ, ஏஸ்♠5♠ மாதிரி, கொஞ்சம் யோசிக்க வைக்கும். ஏற்றுவது பிழையில்லை. ஆனால் கூப்பிடுவதில் ஒரு ஆதாயம் இருக்கிறது: எதிரியிடம் கிங்♠10♠ இருந்தால் அது உள்ளேயே இருக்க வேண்டும், ஸ்பேட் விழும்போது அவர் முழுக் காயையும் தருவார். ஏற்றினாலும் அந்தக் கை போகாது என்றாலும் அதைவிடச் சின்ன ஸ்பேட்கள் சில போய்விடும். தவிர, ஒன்றும் சேராவிட்டாலும் ஏஸ் சிலவேளை தனியே வெல்லும். 7♠4♠ ஒருநாளும் தனியே வெல்லாது. வெல்ல வழியில்லாத கைதான் எதிரி மடிப்பதால் அதிகம் பெறுகிறது.

9-9, 10-10 இரண்டையும் எல்லையில் வையுங்கள். சின்னப் போடலுக்கு எதிராக நன்கு பழகியவர்கள் இவற்றை ஏற்றுவார்கள். மறு ஏற்றம் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லாதவரை கூப்பிடுவதே மேல்.

கையால் செய்வது எப்படி

நேர்மேசையில் காயைத் தொடும் முன்னர் “ரெய்ஸ்” என்று வாயால் சொல்லுங்கள். சொன்னபிறகு 65ஐ எண்ணி ஒரே தடவையாக முன்னால் வையுங்கள். முதலில் 18ஐ வைத்துவிட்டு, பிறகு கைநீட்டி மேலதிகம் எடுத்து வைத்தால் அது கூப்பிட்டதாகவே கொள்ளப்படும். 100 காய் மதிப்புள்ள ஒற்றைச் சிப்பை ஒன்றும் சொல்லாமல் வைத்தாலும் அதுவே விதி: கூப்பிட்டது, மிச்சம் திருப்பித் தரப்படும். சில வீட்டு மேசைகளில் செக் சொன்னவர் ஏற்றக்கூடாது என்று பழைய வழக்கம் வைத்திருப்பார்கள். கூட்டம் தொடங்குமுன் கேட்டு வையுங்கள். பொட் நடுவில் கிடக்கும்போது அந்த வாக்குவாதம் நல்லாயிராது.

செக் சொல்லும் வேகமும் கவனிக்கப்படும். செட் வந்தால் உடனே செக், ஒன்றும் இல்லாவிட்டால் யோசித்துச் செக் என்று பலருக்குப் பழக்கம். மேசையில் ஃப்ளொப் விழுந்ததும் மனத்துக்குள் மூன்று வரை எண்ணி, எல்லாக் கையோடும் ஒரே மாதிரித் தட்டுங்கள்.

ஒரு கை, முடிவு வரை

உங்களிடம் 7♦5♦. ஃப்ளொப் 8♠ 6♠ 3♦. செக், 18, ரெய்ஸ் 65, பட்டன் கூப்பிட்டார். பொட் 185, ஆளுக்கு மீதி 910.

டேர்ணில் குயின்♦. இப்போது நிறுத்தி எண்ணுங்கள். ஸ்ட்ரெயிட்டுக்கு நான்கு 9, நான்கு 4: எட்டு. டயமண்ட் மொத்தம் 13. உங்கள் கையில் இரண்டு, மேசையில் இரண்டு, மிச்சம் ஒன்பது. 9♦உம் 4♦உம் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டன. ஆக 15. காணாத 46 கடதாசியில் 15, மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. எல்லாமே சுத்தமான கடதாசி அல்ல: 9♠, 4♠ விழுந்தால் உங்களுக்கு ஸ்ட்ரெயிட், ஆனால் எதிரியிடம் இரண்டு ஸ்பேட் இருந்தால் அவருக்கு ஃப்ளஷ். அதைக் கழித்தாலும் 13 இருக்கிறது. 140 போடுங்கள். அவர் நூறில் 43 தடவை மடித்தாலே வெறுங்கைக்குச் சமன், உங்களுடையது வெறுங்கையல்ல.

டேர்ணில் குயின்♦க்குப் பதில் கிங்♣ வந்திருந்தால்? எட்டுக் கடதாசிதான், 17 வீதம், அதுவும் இரண்டு ஸ்பேடில் ஐயம். கிங் பட்டனின் கைகளுக்குத்தான் அதிகம் பொருந்தும். ஃப்ளொப்பில் கிங்♠ வைத்துக் கூப்பிட்டவருக்கு இப்போது மேல் ஜோடி. எளிதில் மடிக்காதவர் எதிரே இருந்தால் செக் சொல்லி விட்டுவிடலாம். 65 காய் போனதுதான். கைவிட வேண்டிய டேர்ணில் கைவிடாமல் இன்னும் 140 போடுவதுதான் செக்-ரெய்ஸ் செய்பவர்களின் உண்மையான நட்டம். வெறும் கட்ஷொட்டோடு வந்தவர்கள் டேர்ணில் ஒன்றும் கூடாவிட்டால் எப்போதும் நிறுத்துங்கள்.

டேர்ணில் ஸ்பேட் விழுந்தால், உதாரணமாக ஜாக்♠, உங்கள் செட்டும் அடங்க வேண்டும். செக் சொல்லலாம், அல்லது பொட்டில் மூன்றிலொரு பங்கு போடலாம். முக்கால் பொட் போட்டு மறு ஏற்றம் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

7♦5♦க்குத் திரும்புவோம். 140ஐ அவர் கூப்பிட்டார். பொட் 465, மீதி 770. ரிவர் 2♣. ஒன்றும் சேரவில்லை, கையில் ஏழு மட்டும். செக் சொன்னால் தோல்வி நிச்சயம். 350 போட்டால் அவர் நூறில் 43 தடவை மடிக்க வேண்டும். இங்கே உங்கள் கையில் ஸ்பேட் இல்லாதது உதவி. அவர் ஃப்ளொப், டேர்ண் என்ற இரண்டு தெருவிலும் கூப்பிட்டு வந்த கைகளில் சேராத ஸ்பேட் டிரோக்கள் நிறைய. அவைதான் இப்போது மடியப்போகும் கைகள். உங்களிடம் 7♠5♠ இருந்திருந்தால் அந்த மடியும் கைகளில் சிலவற்றை நீங்களே கையில் வைத்துத் தடுத்திருப்பீர்கள், ப்ளஃப் குறைவாகவே பலிக்கும். சேராத ஃப்ளஷ் டிரோவோடுதான் ரிவரில் ப்ளஃப் அடிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், ஆனால் எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

ஆனால் இதெல்லாம் மடிக்கத் தெரிந்த எதிரிக்கு எதிராக. எட்டு ஜோடியை வைத்துக்கொண்டு “என்னதான் இருக்கு, காட்டு பாப்பம்” என்று 350 போடுபவர் உங்கள் மேசையில் இருந்தால் அவருக்கு எதிராக ரிவர் ப்ளஃப் ஒருநாளும் வேண்டாம். அவருக்கு எதிரே 16 டிரோவை ஐந்தாகக் குறையுங்கள், ஸ்பேடும் ஸ்ட்ரெயிட்டும் சேர்ந்தவை மட்டும். பலமான 14ஐ அப்படியே வைத்து இன்னும் பெரிதாகப் போடுங்கள். ஏஸ்-8ஐக்கூட அவருக்கு எதிரே ஏற்றலாம், ஏனென்றால் கிங்-8, 8-7 வைத்தும் அவர் கடைசிவரை வருவார்.

மறு ஏற்றம் வந்தால்

நீங்கள் 65 வைத்தபின் பட்டன் 180க்கு ஏற்றினார். நடுவில் 300, நீங்கள் போட வேண்டியது 115. செட் என்றால் தயக்கமில்லை, எல்லாக் காயும் உள்ளே போகலாம். 15 கடதாசி உள்ள ஸ்பேட் டிரோவும் போகலாம். 7♦5♦க்கு அடுத்த கடதாசியில் 17 வீதம்தான் சேரும், விலையோ 28 வீதம் கேட்கிறது. பின்னால் பேசுகிறவர் அவர். மடியுங்கள். கட்ஷொட்டுக்குக் கேள்வியே இல்லை. 8-6 இரட்டை ஜோடியோடு கூப்பிட்டு டேர்ணைப் பாருங்கள். வீட்டு மேசையில் இந்த மறு ஏற்றம் பெரும்பாலும் பெரிய ஜோடி, அதை நீங்கள் வெல்கிறீர்கள்.

எதிரியை எப்படி அறிவது

செக்-ரெய்ஸ் பலிப்பது எதிரி வெறுங்கையோடும் போடும்போதுதான். இதைக் கண்டுபிடிக்க உளவியல் வேண்டாம், எண்ணினால் போதும். ஒருவர் பட்டனிலிருந்து திறந்து, ஒருவர் மட்டும் கூப்பிட்டு, ஃப்ளொப்பில் செக் வந்த பத்துத் தடவையை மனத்தில் குறியுங்கள். ஏழு எட்டுத் தடவை போட்டிருந்தால் அவரிடம் அத்தனை தடவை கை இருந்திருக்க முடியாது. முழுப் பட்டியலையும் பயன்படுத்துங்கள். மூன்று நான்கு தடவை மட்டும் போட்டிருந்தால் அவர் போடும்போது கை இருக்கிறது. டிரோவோடு கூப்பிடுங்கள், செட்டோடு மட்டும் ஏற்றுங்கள். இந்த ஆளுக்கு எதிரே இன்னொரு இடைஞ்சலும் உண்டு: நீங்கள் செட்டோடு செக் சொல்லிக் காத்திருப்பீர்கள், அவரும் செக் சொல்லிவிடுவார், ஒரு தெரு வீணாகும். அப்படி இரண்டு தடவை நடந்தால் செட்டை நீங்களே முன்னால் போடத் தொடங்குங்கள்.

பொட்டில் மூன்றாவது ஆள் இருந்தால், சின்ன பிளைண்டும் கூப்பிட்டு வந்திருந்தால், மடிக்க வேண்டியவர்கள் இருவர் ஆகிறார்கள். 10♦9♦, 7♦4♦ இரண்டையும் முதலில் எடுத்துவிடுங்கள். ஸ்பேட் இல்லாத 9-7, 7-5, 5-4ஐயும் கூப்பிடும் பக்கம் தள்ளுங்கள். அங்கே மிச்சமிருப்பது செட், இரட்டை ஜோடி, ஸ்பேட் டிரோக்கள்.